ஓடுமா, திரும்புமா? வேரியன்ஸ் ரேஷியோவை வைத்து ஒரு பங்கை அளந்து பார்த்த பதிவு

கையில் இரண்டு வர்த்தக உத்தி வரைவுகள் இருந்தன. விலை ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால் அந்தப் பக்கமே ஏறிக்கொள்வது ஒன்று. விலை கொஞ்சம் அதிகமாக ஓடிவிட்டால் எதிர்ப்பக்கம் நிற்பது இன்னொன்று. பங்கு நானூறு ரூபாய் அளவில் வர்த்தகமாகும் ஒரு நடுத்தர நிறுவனத்தினுடையது. தரவு ஒரு நிமிட மெழுகுவர்த்திகள். இரண்டையும் பேக்டெஸ்டில் ஓட்டி, லாபம் காட்டுவதை எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அளவுருக்களைத் திருகத் திருக, ஏதோ ஒரு அமைப்பில் இரண்டுமே லாபம் காட்டிவிடும். அதனால் உத்தியைத் தொடும் முன் விலைத்தொடரின் குணத்தை மட்டும் தனியாக அளப்போம் என்று உட்கார்ந்தேன்.

அளவுகோலுக்குப் பின்னால் உள்ள எண்ணம் எளியது. ஒவ்வொரு நாள் நகர்வும் முந்தைய நாளோடு தொடர்பில்லாதது என்றால், நகர்வுகளின் வேரியன்ஸ் கால அளவுக்கு நேர்விகிதத்தில் கூடும். ஒரு நாள் திட்ட விலக்கம் 1% என்றால் பத்து நாளுக்கு 10% ஆகாது. 10-இன் வர்க்கமூலம், அதாவது 3.16% ஆகும். உண்மையில் அளக்கும்போது பத்து நாள் விலக்கம் 4% வந்தால், நகர்வுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கின்றன என்று பொருள். 2.5%தான் வந்தால், ஒன்றை ஒன்று அழிக்கின்றன. இந்த ஒப்பீட்டை வேரியன்ஸில் எழுதினால்:

```
VR(q) = Var(q கால நகர்வு) / (q × Var(ஒரு கால நகர்வு))
```

மேலே சொன்ன இரண்டுக்கும் VR(10) முறையே 1.6, 0.625 (16-ஐயும் 6.25-ஐயும் 10-ஆல் வகுத்தால் கிடைப்பவை). 1-க்கு மேலே ட்ரெண்ட், கீழே ரிவர்ஷன். VR(2) மட்டும் என்றால் இன்னும் சுலபம்: அடுத்தடுத்த நகர்வுகளின் தொடர்புக்கெழுவோடு 1-ஐக் கூட்டினால் அதுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார்ட் மூன்று வருடமாக மேலே போகிறது என்பதால் VR 1-க்கு மேல் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கணக்கில் சராசரி நகர்வைக் கழித்துவிடுகிறோம். சராசரியாக ஏறிக்கொண்டே இருந்தாலும், நேற்றைய நகர்வு இன்றைய நகர்வைப் பற்றி எதையும் சொல்லாவிட்டால் VR 1-தான். அப்படிப்பட்ட பங்கை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ட்ரெண்ட் உத்தி எழுத அதில் ஒன்றுமில்லை.

நிரலை நானே எழுதினேன். ஆண்ட்ரூ லோ, கிரெய்க் மெக்கின்லே இருவரும் 1988-இல் கொடுத்த வடிவம் இது. ஒன்றன்மேல் ஒன்று படியும் q கால ஜன்னல்கள், சிறு மாதிரித் திருத்தம், மாறும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் z எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

```python
import numpy as np

def vr(logp, q):
    r = np.diff(logp)
    n, mu = len(r), r.mean()
    e = r - mu
    s1 = (e**2).sum() / (n - 1)
    d = logp[q:] - logp[:-q] - q*mu
    m = q * (n - q + 1) * (1 - q/n)
    ratio = (d**2).sum() / m / s1
    theta = 0.0
    for k in range(1, q):
        delta = (e[k:]**2 * e[:-k]**2).sum() / (e**2).sum()**2
        theta += (2*(q-k)/q)**2 * delta
    return ratio, (ratio - 1) / np.sqrt(theta)
```

உள்ளே போவது விலையின் லாக். வெளியே வருவது விகிதமும், அது 1-இலிருந்து எத்தனை திட்டப்பிழை தள்ளி நிற்கிறது என்று சொல்லும் z-உம். சரிபார்க்க பைத்தானின் `arch` தொகுப்பில் உள்ள `VarianceRatio` போதும். `robust=True, overlap=True` என்று வைத்தால் இதே வேலையைச் செய்யும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அந்த `theta` வளையத்தை வெட்டிவிட்டு எளிய சூத்திரத்தைப் போடலாமா என்றால், வேண்டாம். நகர்வுகள் எல்லாம் ஒரே ஏற்ற இறக்கம் கொண்டவை என்று வைத்துக்கொண்டால் VR(2)-இன் திட்டப்பிழை n-இன் வர்க்கமூலத்தின் தலைகீழ், அவ்வளவுதான். லோவும் மெக்கின்லேயும் 1962 முதல் 1985 வரை 1,216 வாரங்களுக்கு, நியூயார்க், அமெரிக்கன் பங்குச்சந்தைகளின் பங்குகளுக்கெல்லாம் சம எடை கொடுத்த குறியீட்டை அளந்தார்கள். VR(2) 1.30 வந்தது. எளிய சூத்திரப்படி z 10.5 அருகே வரும். அவர்கள் தந்த தாங்கும் z 7.51. அந்த இடத்தில் முடிவு மாறவில்லை. ஆனால் கொந்தளிப்பான வாரங்கள் கொத்துக் கொத்தாக வருவதால் மட்டும் z இவ்வளவு சுருங்குகிறது என்றால், எளிய சூத்திரத்தில் 2.3 வந்ததைப் பிடித்துக்கொண்டு ஆடுவதில் பொருளில்லை.

அடுத்து தரவின் அழுக்கு. இதில் இரண்டு வகை, இரண்டுக்கும் தனித்தனிக் கைரேகை உண்டு. பங்குப் பிரிப்பு திருத்தப்படாமல் இருந்தால், ஒரே நாளில் விலை ஐந்தில் ஒன்றாக விழுந்ததுபோல் ஒரு ராட்சத நகர்வு உள்ளே இருக்கும். அந்த ஒற்றை நகர்வின் வர்க்கம் மேலேயும் கீழேயும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதால், எந்த q-வுக்கும் VR 1-ஐ ஒட்டியே வரும். 'இந்தப் பங்கில் ஒன்றும் இல்லை' என்று தரவு சொல்வதுபோல் தெரியும். தவறான டிக் வேறு மாதிரி: விலை ஒரு நிமிடம் எங்கோ தாவி அடுத்த நிமிடமே பழைய இடத்துக்கு வந்துவிடும். தாவல் பெரிதாக இருந்தால் VR(q) நேராக 1/q பக்கம் இழுபடும், VR(2) 0.5-ஐ நோக்கி, VR(5) 0.2-ஐ நோக்கி. அவ்வளவு அழகான ரிவர்ஷனைப் பார்த்தால் முதலில் அந்தத் தொடரின் பத்து பெரிய நகர்வுகளை அச்சடித்துப் பாருங்கள்.

நிமிடத் தரவில் இன்னொன்று. என்எஸ்இ-யில் வர்த்தகம் காலை 9:15 முதல் மாலை 3:30 வரை, 375 நிமிடங்கள். நேற்றைய 3:29-க்கும் இன்றைய 9:15-க்கும் நடுவில் ஒரு இரவு இருக்கிறது. அதை ஒரு நிமிட நகர்வாக எண்ணக் கூடாது. q ஜன்னல்களை ஒவ்வொரு நாளுக்குள்ளேயே வைத்து, மேலேயும் கீழேயும் வரும் கூட்டுத்தொகைகளை நாட்கள் முழுவதும் சேர்த்தேன்.

இதையெல்லாம் முடித்துவிட்டு ஓட்டினால், VR எல்லா q-வுக்கும் 1-க்குத் தெளிவாகக் கீழே. z-யும் பெரிது. தரவுப் புள்ளிகள் ஏராளம் என்பதால் புள்ளியியல் சந்தேகமே இல்லை. அப்படியானால் எதிர்ப்பக்கம் நிற்கும் உத்திதான், இல்லையா?

இல்லை. மெழுகுவர்த்தியின் குளோஸ் என்பது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை. அந்த வர்த்தகம் ஒருவர் அவசரமாக வாங்கியதால் நடந்திருந்தால் ஆஸ்கில் பதிவாகும். விற்றதால் என்றால் பிட்டில். உண்மையான மதிப்பு அசையாமல் நின்றாலும் கடைசி விலை இரண்டுக்கும் நடுவில் குதித்துக்கொண்டே இருக்கும். ஏறியது இறங்கும், இறங்கியது ஏறும். இந்தக் குதிப்பிலிருந்தே ஸ்ப்ரெட்டின் அளவைக் கண்டுபிடிக்கலாம் என்று ரிச்சர்ட் ரோல் 1984-லேயே காட்டியிருக்கிறார்.

எவ்வளவு பெரிய பாதிப்பு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பங்கு 400 ரூபாய், ஸ்ப்ரெட் 20 பைசா, அதாவது 0.05%. மிட் விலை ஒரு நிமிடத்துக்கு 0.05% திட்ட விலக்கத்தோடு முழுக்கத் தற்செயலாக நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ரிவர்ஷனே கிடையாது. மிட்டின் வேரியன்ஸ் 0.0025 (சதவீத வர்க்கத்தில்). குதிப்பு அதோடு ஸ்ப்ரெட் வர்க்கத்தில் பாதியை, 0.00125-ஐ, சேர்க்கிறது. q கால நகர்வில் மிட்டின் பங்கு q மடங்காகும். குதிப்பின் பங்கு மட்டும் அதே 0.00125-ஆக நின்றுவிடும், ஏனென்றால் தொடக்கத்தில் ஒரு குதிப்பும் முடிவில் ஒரு குதிப்பும்தான். கணக்கிட்டால் VR(2) 0.83, VR(5) 0.73, VR(10) 0.70, VR(30) 0.68. எவ்வளவு தூரம் போனாலும் 0.67-க்குக் கீழே இறங்காது.

நம்பிக்கை இல்லையென்றால் செய்து பார்க்கலாம்:

```python
rng = np.random.default_rng(7)
mid = np.cumsum(rng.normal(0, 0.0005, 20000))
last = mid + 0.00025 * rng.choice([-1, 1], 20000)
for q in (2, 5, 10, 30):
    print(q, vr(mid, q), vr(last, q))
```

`mid` 1-ஐச் சுற்றி நிற்கும், `last` மேலே சொன்ன எண்களுக்குப் பக்கத்தில் வரும். ஒரே சந்தை, இரண்டு விதமான விலைப் பதிவு.

இந்த ரிவர்ஷனில் காசு எடுக்க முடியாததன் காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. கடைசி விலை ஆஸ்கில் இருக்கிறது, இறங்கும் என்று விற்கப் போகிறீர்கள். உங்களுக்குக் கிடைப்பது பிட், அதாவது 20 பைசா கீழே. எந்த இறக்கத்தை எதிர்பார்த்தீர்களோ அது நீங்கள் விற்கும் விலையிலேயே கழிக்கப்பட்டுவிட்டது. திரும்ப வாங்க ஆஸ்க் கொடுக்க வேண்டும். அப்போது 20 பைசா நஷ்டம். பேக்டெஸ்ட் குளோஸ் விலையில் விற்றதாகவும் குளோஸ் விலையில் வாங்கியதாகவும் எழுதிக்கொள்வதால் அங்கே மட்டும் இது தங்கச் சுரங்கம்.

இதைப் பிரித்தறிய நேரான வழி, மிட் விலையைப் பதிவு செய்து அதில் VR பார்ப்பது. தரகர்களின் பழைய மெழுகுவர்த்தித் தரவில் மிட் இருக்காது. நேரலை ஊட்டத்தில் வரும் பிட், ஆஸ்க் இரண்டையும் நாமே சேமித்துக்கொள்ள வேண்டும். பழைய தரவு மட்டுமே இருந்தால் அடிப்படைக் காலத்தைப் பெரிதாக்கலாம். மேலே எடுத்த அதே பங்கில் அடிப்படையை 15 நிமிடமாக வைத்தால் மிட்டின் வேரியன்ஸ் 0.0375 ஆகிவிடும், குதிப்பு அதே 0.00125. இப்போது குதிப்பால் மட்டும் வரும் VR(2) 0.98. பதினைந்து நிமிடத்திலும் 0.83 நின்றால் அது குதிப்பு அல்ல, வேறு ஏதோ உண்மையானது.

என் பங்கில் 15 நிமிடத்துக்குப் போனதும் VR 1-இன் அருகே ஏறிவந்துவிட்டது. கொஞ்சம் கீழே நின்றது என்றாலும், அந்தக் கொஞ்சத்துக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். VR(2) 0.95 என்றே வைத்துக்கொள்வோம். தொடர்புக்கெழு -0.05. 15 நிமிட விலக்கம் 0.19% போல. ஒரு விலக்க அளவு ஏறிய பிறகு எதிர்பார்க்கக்கூடிய இறக்கம் அதில் இருபதில் ஒன்று, 400 ரூபாயில் சுமார் 4 பைசா. மூன்று விலக்க அளவு ஏறினாலும் 12 பைசாதான். ஸ்ப்ரெட் மட்டுமே 20 பைசா. தரகுக் கட்டணமும் எஸ்டிடி-யும் தனி. ஆறாயிரம் புள்ளிகளில் 0.95 என்பது நல்ல z-ஐக் கொடுக்கும், வர்த்தகத்துக்கு உதவாது. அந்தப் பங்கை அங்கேயே விட்டேன்.

இதே சிக்கல் மறுபக்கமும் வரும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் சம எடைக் குறியீட்டின் VR(2) 1.30. நிறுவன மதிப்புப்படி எடை கொடுத்த குறியீட்டில் அது 1.08-தான். தனித்தனிப் பங்குகளின் சராசரியோ 0.97. பங்குகள் ஒவ்வொன்றும் சற்றே திரும்புகின்றன, அவற்றைச் சேர்த்த குறியீடு ஓடுகிறது! சிறு பங்குகள் பெரிய பங்குகளுக்குப் பின்னால் தாமதமாக நகர்வதும், வர்த்தகமே ஆகாத பங்கின் பழைய விலை குறியீட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பதும் சேர்ந்தால் இப்படி வரும். அவ்வளவு பெரிய ட்ரெண்டை பழைய விலைகளால் மட்டும் விளக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: ஸ்மால்கேப் குறியீட்டில் 1.2, 1.3 என்று பார்த்ததும் ட்ரெண்ட் உத்தி எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் குறியீட்டை அந்த விலையில் யாரும் நமக்கு விற்கப் போவதில்லை. நாம் உண்மையில் வாங்கக்கூடிய ஃபியூச்சர் அல்லது இடிஎஃப் விலையில் VR எடுத்தால்தான் கணக்கு.

சரி, உண்மையான ரிவர்ஷன் எப்படித் தெரியும்? ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு பங்குகளின் லாக் விலை வித்தியாசத்தைத் தினசரித் தரவில் எடுத்துக்கொண்டேன். இந்த மாதிரி வித்தியாசம் ஒரு நிலையான மையத்துக்குத் திரும்புவதாகவும், பாதி தூரம் திரும்ப 10 நாள் ஆவதாகவும் வைத்தால், VR எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். φ என்பது ஒரு நாளில் மிஞ்சும் விலகலின் பங்கு, இங்கே 0.933.

```
VR(q) = (1 - φ^q) / (q (1 - φ))
```

VR(2) 0.97, VR(5) 0.87, VR(10) 0.75, VR(20) 0.56, VR(40) 0.35. இதைக் குதிப்பின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குதிப்பு முதல் படியிலேயே பொத்தென்று விழுந்து பிறகு தட்டையாகிவிடுகிறது. உண்மையான திரும்புதல் 1-க்குப் பக்கத்தில் ஆரம்பித்து, q கூடக்கூட விடாமல் இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு q-வில் வரும் ஒற்றை எண்ணைவிட இந்த வடிவம்தான் எனக்கு அதிகம் சொல்கிறது. அதனால் இப்போதெல்லாம் q-வை x அச்சில் வைத்து ஒரு படம் போடாமல் நான் எந்த z-ஐயும் பார்ப்பதில்லை.

ஆனால் இந்த வடிவத்தைத் தினசரித் தரவில் நிரூபிப்பது கடினம். மூன்று வருடம் என்றால் சுமார் 750 நாள். எளிய சூத்திரப்படியே VR(2)-இன் திட்டப்பிழை 0.037, எதிர்பார்க்கும் சரிவு 0.03. கண்ணிலேயே படாது. VR(20)-இல் சரிவு 0.44, திட்டப்பிழை 0.18, z சுமார் -2.4. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நாம் 2, 5, 10, 20 என்று நான்கு q-க்களைப் பார்த்து மிகப் பெரியதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுக்கும்போது 5% அளவுக்கான எல்லை 1.96 அல்ல, 2.49 என்று சௌவும் டென்னிங்கும் 1993-இல் காட்டியிருக்கிறார்கள். ஆக, உண்மையாகவே பத்து நாள் அரை ஆயுளோடு திரும்பும் ஒரு ஜோடி, மூன்று வருடத் தரவில் பாதிக்கு மேற்பட்ட தடவை சோதனையில் தோற்றுவிடலாம். ஆறு வருடம் கிடைத்தால் அதே z -3.4 வரை போகும். 'சோதனை எதையும் காட்டவில்லை' என்பதை 'ரிவர்ஷன் இல்லை' என்று படிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

q பெரிதாகும்போது z-க்கான இயல்நிலைப் பரவலும் சாய்ந்துவிடுகிறது, ஏனென்றால் VR பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. அதற்காக நான் எல்லையைத் தரவிலிருந்தே எடுத்தேன். சராசரி கழித்த நகர்வுகள் ஒவ்வொன்றின் குறியையும் நாணயம் சுண்டுவதுபோல் மாற்றி, தொடரை மறுபடி கூட்டி, நான்கு q-க்களில் பெரிய |z|-ஐக் குறித்துக்கொள்வது. இதை ஆயிரம் தடவை செய்து, மேலே உள்ள 5% எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது. குறி மாறுவதால் தொடர்பு உடைகிறது. கொந்தளிப்பான நாட்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஜோடியில் இன்னொரு கண்ணி உண்டு. ஒரு பங்குக்கு எதிராக மற்றதை எத்தனை மடங்கு எடுப்பது என்ற எண்ணை முழுத் தரவிலும் ரிக்ரெஷன் போட்டு எடுத்துவிட்டு, அதே தரவில் மிஞ்சியதை VR-க்குக் கொடுத்தால், எதுவும் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். மையத்தோடு ஒட்டியிருக்கும் கலவையைத் தேடிப் பிடிப்பதுதானே ரிக்ரெஷனின் வேலை. தொடர்பே இல்லாத இரண்டு தற்செயல் நடைகளை உருவாக்கி அப்படிச் செய்தால், VR படம் 1-க்குக் கீழே சரிவதைப் பார்க்கலாம். நான் மடங்கை முதல் பாதியில் எடுத்து, VR-ஐ இரண்டாம் பாதியில் மட்டும் அளந்தேன். அதனால் தரவு இன்னும் சுருங்கியது, உண்மையான ரிவர்ஷனையும் சோதனை தவறவிடும் என்று மேலே சொன்ன சிக்கல் இன்னும் கூடியது. வேறு வழியில்லை.

இரண்டாம் பாதியிலும் படம் 1-க்குப் பக்கத்தில் தொடங்கி, தட்டையாகாமல் இறங்கியது. குறி மாற்றிக் கிடைத்த எல்லையை நூலிழையில்தான் தாண்டியது. எதிர்ப்பக்கம் நிற்கும் வரைவை இந்த ஜோடிக்கு எடுத்துக்கொண்டேன். நிமிடப் பங்குக்கு எழுதிய அந்த வரைவு அல்ல, நாட்கணக்கில் வைத்திருப்பது. VR சரியும் இடம் 10 முதல் 20 நாள் என்பதால், நேற்றைய நகர்வைப் பார்த்து இன்று நுழையும் விதியை நீக்கிவிட்டு, மையத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை வைத்து நுழையும் விதியைப் போட்டேன். தாங்கிப் பிடிக்கும் காலத்துக்கு 20 நாள் உச்சவரம்பு. எல்லையைத் தாண்டியது மெல்லியதாக இருப்பதால் போடும் பணத்தின் அளவு சிறியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய தரவைச் சேர்த்து அதே படத்தை மறுபடி போடுவேன். படம் முதல் படியிலேயே விழுந்து தட்டையாகத் தொடங்கினாலோ 1-ஐ நோக்கி ஏறினாலோ அன்றோடு நிறுத்திவிடுவதாக உத்தியின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.